வற்றல் மிளகாயை ஊறவைத்து நைசாக அரைப்பது, காரத்தைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதையை எடுத்தால் காரம் குறையும் என்றார்கள். ஒரு விதை விடாமல் எடுத்தேன். அப்படியும் நாக்கு எரிகிறதே?

காரம் இருக்கும் இடம் விதை இல்லை, அதுதான் காரணம். ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். காம்பிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாக, பஞ்சு போன்ற ஒரு தசை ஓடும். எங்கள் வீட்டில் அதை நரம்பு என்போம். விதைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காரத்தைக் கொடுக்கும் காப்சைசின் உருவாவது அந்த நரம்பில். விதைக்குச் சொந்தக் காரம் மிகக் குறைவு. பக்கத்தில் ஒட்டியே இருப்பதால் மேலே பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மிளகாய் காய்ந்து வற்றலானதும் அந்த நரம்பு சுருங்கி, வெளிர் மஞ்சளில் காகித நூல் மாதிரி ஆகிவிடும். தோலோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நீங்கள் மிளகாயைக் கிள்ளி உதறும்போது விதை கொட்டிவிடுகிறது, நரம்பில் பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதிலும் காம்புப் பக்கம் அது தடிப்பாக இருக்கும். காம்பை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு அந்த மேல்பகுதியைச் சுரண்டாமல் விட்டால் காரத்தில் நல்ல பங்கு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நரம்பை முழுக்க எடுத்தாலும் காரம் ஒரு படி இறங்கும், அற்றுப்போகாது. நரம்பிலிருந்து தோலின் உட்புறத்துக்கும் காரம் பரவியிருக்கும். உறைப்பான ரகம் சுத்தம் செய்த பிறகும் உறைப்பான ரகம்தான்.

அப்படியானால் விதையை எடுக்கவே வேண்டாமா?

எடுக்கத்தான் வேண்டும், ஆனால் காரத்துக்காக மட்டும் இல்லை. விதை உதிரும்போது நரம்பில் ஒரு பகுதியும் கூடவே வந்துவிடும், அது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் விழுதின் பதம். விதை கெட்டி. எவ்வளவு ஊறினாலும் மிக்ஸியில் முழுசாக மசியாது, விழுதில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி தெரியும், பல்லில் நறநறக்கும். மசிந்தால் லேசான கசப்பும் விடும். பூண்டுச் சட்னிக்குக் கொரகொரப்பு அழகு, அங்கே விதை இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குழம்புக்கும் கிரேவிக்கும் விழுது நைசாக வேண்டுமென்றால் விதை ஆகாது.

காய்ந்த மிளகாயிலேயே விதையை எடுத்துவிடுவதா, ஊறிய பிறகு எடுப்பதா?

இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விதையைக் காய்ந்திருக்கும்போதே எடுங்கள், நரம்பை ஊறிய பிறகு எடுங்கள்.

மிளகாயை முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள்ளேயே ஈரம் இழுத்து மிளகாய் தொளதொளவென்று வளையும், அந்த நிலையில் விதை ஒட்டிக்கொண்டு வராது. வெயில் பட்டால் மொறுமொறுப்பாகி, காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அப்போது கத்தரிக்கோலால் காம்பை ஒட்டி நறுக்கிவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக உருட்டித் தலைகீழாகத் தட்டினால் பெரும்பாலும் தானாகக் கொட்டிவிடும். நீளமான மிளகாயை நடுவில் ஒரு முறை நறுக்கிக்கொண்டால் இன்னும் சுலபம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு செய்தித்தாளை விரித்து உட்காருங்கள். இல்லாவிட்டால் மிளகாய்த் தூசி பறந்து வீடு முழுக்கத் தும்மல்தான்.

ஊறி மெத்தென்று ஆன பிறகு ஒவ்வொன்றாக விரித்து, ஸ்பூனின் முனையால் உட்பக்கத்தைக் காம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தால் அந்த நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மிச்சம் மீதி விதையும் அதோடு வரும். 50 கிராம் மிளகாய்க்கு இந்த வேலை கால் மணி நேரம் பிடிக்கும். வீட்டில் குழந்தைகளோ வயிற்றுப்புண் உள்ளவர்களோ இருந்தால் செய்யுங்கள். மற்ற நாளில் விதையை உதறியதோடு விட்டுவிடலாம், நானும் அப்படித்தான் விடுகிறேன்.

கை எரியாமல் இருக்க என்ன செய்வது? ஏற்கெனவே எரிகிறது என்றால்?

தொடங்குவதற்கு முன் உள்ளங்கையிலும் விரலிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மெல்லிய கையுறை இருந்தால் அது இன்னும் நல்லது. எரிய ஆரம்பித்துவிட்டால் வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவியும் பயனில்லை, காப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயைத் தேய்த்து, உடனே பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, மறுபடியும் ஒரு முறை அதையே செய்யுங்கள். நகக்கண்ணில் தங்குவதுதான் ராத்திரி வரை எரியும், அங்கே நன்றாகத் தேய்க்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸை முதலில் கழற்றி வைத்துவிட்டு மிளகாயைத் தொடுங்கள். நான் ஒரு முறை மறந்து, கையைக் கழுவிவிட்டோமே என்ற நம்பிக்கையில் ராத்திரி லென்ஸைக் கழற்றப் போனேன். அந்தக் கண்ணீரைப் பற்றி எழுத இங்கே இடம் போதாது.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?

வெந்நீரில் அரை மணி முதல் முக்கால் மணி, பச்சைத் தண்ணீரில் இரண்டு மணி நேரம். இது சம்பா என்று கடையில் கேட்டு வாங்கும் நீட்டு மிளகாய்க்கு. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குத் தோல் தடிமன், அதற்கு வெந்நீரிலும் ஒரு மணி நேரம் ஆகும். போன வருஷத்து வற்றல் என்றால் எதுவானாலும் கூடுதல் நேரம் வேண்டும்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மிளகாயைப் போட்டு, மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். மிளகாய் மிதக்கும், மிதக்கிற பக்கம் ஊறாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. அப்புறம் விழுதில் தோல் தோலாக நின்றால் மிக்ஸியைத் திட்டுகிறார்கள். நேரத்தைவிட நம்பகமானது கைச்சோதனை. ஒரு மிளகாயை எடுத்து விரித்து, உட்புறத்தை நகத்தால் கீறுங்கள். சிவப்புச் சதை வழித்துக்கொண்டு வந்தால் ஊறிவிட்டது. நகம் வழுக்கிக்கொண்டு போய்த் தோல் மட்டும் பளபளவென்று இருந்தால் இன்னும் பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

ரொம்ப அவசரம் என்றால் தண்ணீரோடு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நெடி ஏறும்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் காரமும் போய்விடும்தானே?

போகாது. அந்தத் தண்ணீர் சிவந்து, லேசாக உறைப்பதைப் பார்த்து அப்படித் தோன்றும். காப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கழன்று வந்த நரம்புத் துணுக்குகளும் விதையும் தண்ணீரில் மிதப்பதால் ஓரளவு உறைக்கும், மற்றபடி காரம் மிளகாயிலேயேதான் இருக்கும்.

ஆனாலும் நான் அந்தத் தண்ணீரை அரைக்கச் சேர்ப்பதில்லை. வற்றல் வெயிலில் களத்தில் காய்ந்தது, அதன் மண்ணும் தூசியும் பாத்திரத்தின் அடியில் தங்கும். தண்ணீருக்கு ஒரு கசப்பும் இருக்கும். நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கசக்கவில்லை, அடியில் மண் இல்லை என்றால் மேலாக வடித்துச் சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை.

புளியையும் மிளகாயையும் ஒன்றாக ஊறப் போடலாமா?

வேண்டாம். புளிப்பு இருந்தால் தோல் இளகத் தாமதமாகும். புளித்தண்ணீரில் பருப்பு வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மிளகாய் தனியாக ஊறட்டும், புளியை அரைக்கும்போது சேருங்கள்.

மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் திப்பி திப்பியாகவே நிற்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

அநேகமாகத் தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிடுகிறீர்கள். அம்மியில் குழவி மிளகாயைக் கல்லோடு வைத்துத் தேய்க்கிறது, அதனால்தான் அம்மி விழுது வெண்ணெய் மாதிரி வருகிறது. மிக்ஸி பிளேடு தேய்ப்பதில்லை, வெட்டுகிறது. தண்ணீர் நிறைய இருந்தால் மிளகாய்த் தோல் பிளேடில் அகப்படாமல் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வரும். பத்து நிமிடம் ஓட்டினாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

தண்ணீரை வடித்து, கையால் லேசாகப் பிழிந்து, மிளகாயைச் சின்ன ஜாரில் போடுங்கள். பிளேடு முழுக்க மூழ்கும் அளவு மிளகாய் இருக்க வேண்டும். பெரிய ஜாரில் பத்து மிளகாயைப் போட்டால் அது சுவரில் போய் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அரை டீஸ்பூன் கல் உப்பு சேருங்கள். ருசிக்கு மட்டும் இல்லை, உப்புக் கல் உராய்ந்து தோலைக் கிழிக்க உதவும். ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் போதும். குமிழைப் பின்பக்கம் திருப்பி விட்டு விட்டு ஐந்தாறு முறை ஓட்டுங்கள். மிளகாய் கொத்தினதுபோல் ஆகி, சுவரில் ஏறி நிற்கும். வழித்துவிட்டு முதல் வேகத்தில் அரை நிமிடம், மறுபடி வழித்துவிட்டு இரண்டாம் வேகம். இந்த இடத்தில்தான் தண்ணீர், அதுவும் ஸ்பூன் ஸ்பூனாக. ஜாருக்குள் நடுவில் ஒரு குழி விழுந்து விழுது அதற்குள் மடிந்து மடிந்து இறங்கினால் தண்ணீர் சரியான அளவில் இருக்கிறது. குழி விழாமல் பிளேடு வெறுமனே சுற்றுகிற சத்தம் கேட்டால் இன்னும் ஒரு ஸ்பூன். அப்புறம் உயர்ந்த வேகத்தில் ஒரு நிமிடம், சற்று நிறுத்தி இன்னொரு நிமிடம். விடாமல் ஓட்டினால் ஜார் சூடாகும், மோட்டாருக்கும் நல்லதில்லை.

பதம் பார்க்க ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். விழுது ஓடும் தடத்தில் சிவப்புச் செதில்கள் தனியாக நின்றால் இன்னும் அரைபடவில்லை. ஒரே நிறமாக வழிந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு மேலும் செதில் போகாவிட்டால் மிளகாய் சரியாக ஊறவில்லை என்று பொருள். அதை அப்படியே கால் மணி நேரம் மூடி வைத்து மறுபடி ஓட்டினால் ஓரளவு சரியாகும். சாஸ் மாதிரி வழவழப்பு வேண்டுமென்றால் கடைசியில் ரவை சலிக்கும் சல்லடையில் போட்டு ஸ்பூனால் தேய்த்து இறக்குவதுதான் வழி. டீ வடிகட்டியில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வெந்நீரில் ஊறிய மிளகாயைச் சூடாக ஜாரில் போட்டு மூடாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய், பருப்பு, வெங்காயம் எல்லாம் சேர்த்துத்தானே அரைக்கிறோம். மிளகாயை மட்டும் தனியாக அரைக்க வேண்டுமா?

தனியாக இல்லை, முதலில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேங்காயும் பருப்பும் சீக்கிரம் மசிந்து குழைந்துவிடும், அந்தக் குழைவுக்குள் மிளகாய்த் தோல் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். மிளகாயும் உப்பும் முக்கால் பதம் வந்த பிறகு மற்றவை போகட்டும். சின்ன வெங்காயம் மட்டும் விதிவிலக்கு. தண்ணீருக்குப் பதிலாக நாலு வெங்காயத்தை மிளகாயோடேயே போடலாம், அதன் சாறே அரைபட உதவும். எண்ணெயை மிக்ஸியில் ஊற்றாதீர்கள். அடிபட்டு நுரைத்து, சிவப்பு விழுது ஆரஞ்சாக வெளுத்துப்போகும்.

சரி, ஒரு தடவை அளவோடு சொல்லுங்கள். நாலு பேருக்குச் சிவப்பாக, ஆனால் காரம் மட்டாக வேண்டும்.

போன வாரம் நான் செய்ததைச் சொல்கிறேன். பியாடகி மிளகாய் 35 கிராம், சம்பா 15 கிராம். காம்பும் விதையும் போன பிறகு தராசில் 30 கிராம்தான் நின்றது. இந்தக் கழிவைக் கணக்கில் வைக்காமல்தான் பலருக்கு அளவு தவறுகிறது. அரை லிட்டர் வெந்நீரில் தட்டைக் கவிழ்த்து முக்கால் மணி நேரம் ஊறவைத்தேன். நரம்பைச் சுரண்டி, பிழிந்து நிறுத்தபோது 85 கிராம் வந்தது. அரை டீஸ்பூன் கல் உப்பு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து டேபிள்ஸ்பூன் தண்ணீர். ஒரு காபி டம்ளர் அளவு விழுது கிடைத்தது.

அதில் மூன்று டேபிள்ஸ்பூனை எடுத்துச் சட்னி செய்தேன். நல்லெண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன், தட்டிய பூண்டு பத்துப் பல், கொஞ்சம் கெட்டிப் புளிக்கரைசல். தீயைக் குறைத்து வதக்கினால் முதலில் விழுது எண்ணெயைக் குடித்துவிட்டு அடியில் பிடிக்கப் பார்க்கும். கிளறிக்கொண்டே இருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கசியும். அப்போதுதான் பச்சை வாசனை போயிருக்கிறது. அதற்கு முன் இறக்கினால் தொண்டையில் கமறும், அதைக் காரம் என்று பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பியாடகி எதற்கு? சம்பாவிலேயே குறைவாகப் போட்டால் ஆகாதா?

காரம் குறையும், நிறமும் சேர்ந்து குறையும். பியாடகி கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்து ஊர், அந்த ஊர்ப் பெயரில் விற்கும் மிளகாய் சுருக்கம் சுருக்கமாக, கருஞ்சிவப்பாக இருக்கும். நிறம் அள்ளிக் கொடுக்கும், உறைப்பு மெல்லியது. 2011 முதல் புவிசார் குறியீடும் உண்டு. என்னைக் கேட்டால், காரத்தைக் குறைக்க விதையோடு மல்லுக்கு நிற்பதைவிட மிளகாயை மாற்றுவது நல்ல வழி. மூன்று பங்கு பியாடகிக்கு ஒரு பங்கு சம்பா என்று தொடங்கி, உங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். காஷ்மீரி மிளகாய் கிடைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

குண்டு மிளகாயை நான் விழுதுக்கு எடுப்பதில்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரத்து மிளகாய் அது, வாசனைக்கு நிகர் கிடையாது. ஆனால் தாளிப்பில் முழுசாகப் போட்டுப் பொரிவதுதான் அதற்கு அழகு.

அரைத்த பிறகு காரம் அதிகம் என்று தெரிந்தது. இனி என்ன செய்வது?

தண்ணீர் ஊற்றி நீட்டாதீர்கள், உருளைக்கிழங்கைப் போட்டு உறிஞ்ச வைக்கலாம் என்றும் நம்பாதீர்கள். கொழுப்புள்ள எதையாவது சேருங்கள். தேங்காய்ப்பால், முந்திரி விழுது, தயிர் எல்லாம் காரத்தை மட்டுப்படுத்தும். தக்காளியை நன்றாக வதக்கிச் சேர்த்தால் அளவு கூடி, காரம் பரவிப்போகும். ஒரு சின்னத் துண்டு வெல்லம் காரத்தை எடுக்காது, நாக்கை ஏமாற்றும். அதுவும் உதவிதான்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பச்சை விழுது ஃபிரிட்ஜில் நாலைந்து நாள். எண்ணெயில் வதக்கியது, மேலே எண்ணெய் மிதக்க, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு வாரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மாதம் தாங்கும். அந்தத் தட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றி ஐஸ் எடுத்தால் உங்கள் வீட்டு எலுமிச்சை ஜூஸ் உறைக்கும், ஒரு தட்டை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

கிள்ளும்போது உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி மாதிரி இருக்கிறது. கழுவினால் போதுமா?

போதாது, அது பூஞ்சை. சரியாகக் காயாத மிளகாய்க்குள் வரும், வெளியே தோல் பளபளவென்று நன்றாகவே இருக்கும். ஊறவைத்தாலும் வதக்கினாலும் பூஞ்சையின் நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது, அந்த மிளகாயைத் தூக்கிப் போடுங்கள். கிலோவில் ஒன்றிரண்டு என்றால் பொறுக்கி எறியலாம். கிள்ளுவதில் பத்துக்கு மூன்று அப்படி இருந்தால் பொட்டலத்தோடு கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். முழுசாக ஊறப் போடாமல் முதலில் கிள்ளிப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடுத்த விதையை என்ன செய்வது?

பூஞ்சை இல்லாத விதை என்றால் இட்லிப் பொடிக்குப் பருப்பு வறுக்கும்போது கடைசியில் ஒரு ஸ்பூன் போட்டுப் புரட்டுங்கள். அதிக நேரம் வறுத்தால் கருகிக் கசக்கும், சட்டி சூட்டிலேயே போதும். மீதியைத் தொட்டியில் தூவிப் பாருங்கள், சில முளைக்கும். எங்கள் மாடியில் இப்போது மூன்று செடி நிற்கிறது. எந்த ரகம் என்று காய்த்தால்தான் தெரியும்.